போர்ட் செய்வதா, அதே கம்பெனியில் இருப்பதா: காத்திருந்த வருடங்கள் கணக்கில் வர வேண்டுமானால்

மருத்துவக் காப்பீட்டை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வசதி நம் நாட்டில் 2011 அக்டோபர் 1 முதல் இருக்கிறது. இத்தனை வருடம் ஆன பிறகும், "போர்ட் செய்தால் எல்லாம் அப்படியே வந்துவிடும்" என்று ஒரு சாராரும், "மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும்" என்று இன்னொரு சாராரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டுமே பாதி உண்மை. எது வரும், எது வராது, எவ்வளவு தொகைக்கு வரும் என்பது தெரியாமல் முடிவெடுத்தால், அதன் விலை ஆஸ்பத்திரி பில் வரும்போதுதான் தெரியும். அதனால் ஒரே ஒரு குடும்பத்தின் கணக்கை எடுத்துக்கொண்டு, அவர்கள் முன் உள்ள வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். இது கற்பனைக் குடும்பம்தான், ஆனால் இப்படிப்பட்ட பாலிசி வைத்திருப்பவர்கள் ஏராளம்.

கணவருக்கு 48 வயது, உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனைவிக்கு 44 வயது, பாலிசி எடுக்கும்போதே சுகர் இருந்தது, அதைச் சொல்லித்தான் எடுத்தார்கள். 2024 ஏப்ரல் 10 அன்று தொடங்கிய, இருவருக்கும் பொதுவான 5 லட்ச ரூபாய் ஃப்ளோட்டர் பாலிசி. இரண்டு வருடமும் கிளெய்ம் எதுவும் இல்லை, அதனால் போனஸாக 1 லட்சம் சேர்ந்திருக்கிறது. அந்தப் பாலிசியில் ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்க்கு கிளெய்ம் கிடைக்காத ஆரம்பக் காலம், 36 மாதம். கண்புரை, ஹெர்னியா, பித்தப்பைக் கல், மூட்டு மாற்று போன்ற பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு 24 மாதம். ரூம் வாடகைக்கு உச்சவரம்பு, ஒரு நாளைக்கு 5,000 ரூபாய்.

இவர்களை மாறச் சொல்லித் தூண்டுவது அந்த ரூம் வரம்புதான். 8,000 ரூபாய் ரூமில் நான்கு நாள் இருந்து, மொத்த பில் 2,40,000 ரூபாய் வருகிறது என்று வையுங்கள். அதில் ரூம் 32,000, டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் போன்றவை 1,28,000, மருந்தும் பரிசோதனையும் 80,000. கம்பெனி ரூம் வாடகையில் மட்டும் 12,000 குறைத்துவிட்டு நிற்காது. எட்டில் ஐந்து பங்குதான் தகுதி என்று சொல்லி, டாக்டர் கட்டணம் உள்ளிட்ட 1,28,000-த்தையும் 80,000 ஆக்கிவிடும். மருந்துக்கும் பரிசோதனைக்கும் இந்த வெட்டு கூடாது என்பது விதி. ஆக வருவது 1,80,000, கையிலிருந்து போவது 60,000. 5 லட்சம் கவரேஜ் இருந்தும் இந்த நிலை. வரம்பு இல்லாத 10 லட்சம் பாலிசி வேண்டும் என்று அவர்கள் நினைப்பது நியாயம்தான்.

அவர்களுக்கு வழி மூன்று. வேறு கம்பெனிக்கு போர்ட் செய்யலாம். அதே கம்பெனியில் ரூம் வரம்பில்லாத வேறு திட்டத்துக்கு மாறலாம், இதை மைக்ரேஷன் என்கிறார்கள். அல்லது இருப்பதை அப்படியே புதுப்பித்துவிட்டு, மேலே ஒரு சூப்பர் டாப்-அப் சேர்த்துக்கொள்ளலாம். பழையதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எடுப்பதையும் சிலர் நான்காவது வழியாகச் சொல்வார்கள். இரண்டு வருடக் காத்திருப்பைத் தூக்கி எறியும் அந்த வழியை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

எவ்வளவு தொகைக்கு எவ்வளவு காலம்

போர்ட் செய்யும்போது நம்மோடு வருவது, நாம் ஏற்கெனவே காத்திருந்த காலம். ஆனால் அது பழைய காப்பீட்டுத் தொகை அளவுக்கு மட்டுமே ஒட்டிக்கொண்டு வரும். சேர்ந்த போனஸையும் அந்தத் தொகையோடு கூட்டிக் கேட்க நமக்கு உரிமை உண்டு. நம் குடும்பத்தின் கணக்கில் அது 6 லட்சம். புதிய கம்பெனியிடம் சரியாக 6 லட்சத்துக்குத் திட்டம் இல்லாவிட்டால், அதற்கு அடுத்த பெரிய தொகையைக் கொடுத்து, அதற்கான பிரீமியத்தை வாங்கிக்கொள்ளும். அப்போதும் காத்திருந்த காலத்தின் பலன் 6 லட்சம் வரைக்கும்தான்.

அவர்கள் 10 லட்சத்துக்கு போர்ட் செய்தால் பாலிசி ஒன்றுதான், உள்ளே கணக்கு இரண்டு. முதல் 6 லட்சத்துக்கு, பட்டியல் நோய்களின் 24 மாதம் முடிந்துவிட்டது. மனைவியின் சுகருக்கு 36-ல் 24 மாதம் போக, மீதி 12 மாதம். 2027 ஏப்ரல் 10-க்குப் பிறகு அதுவும் இல்லை. கூடுதலான 4 லட்சத்துக்கு எல்லாம் புதிதாக ஆரம்பிக்கும். எந்த நோய்க்கும் முதல் 30 நாள், பட்டியல் நோய்களுக்கு 2028 ஏப்ரல் வரை, சுகருக்கு 2029 ஏப்ரல் வரை.

இதை ஒரு பில்லில் வைத்துப் பார்த்தால் புரியும். 2027 அக்டோபரில் மனைவிக்கு சுகரால் வந்த சிறுநீரகப் பிரச்சினை, பில் 8 லட்சம். கிடைப்பது 6 லட்சம், மீதி 2 லட்சம் கைப்பணம். அதற்குப் பதிலாக அதே மாதம் கணவருக்கு டெங்கு காய்ச்சல் வந்து பில் எகிறினால், 10 லட்சம் முழுவதும் கைகொடுக்கும். விபத்து என்றால் முதல் நாளிலிருந்தே முழுத் தொகை. ஆக, "10 லட்சம் பாலிசி" என்று எழுதியிருப்பது எல்லா நோய்க்கும் ஒரே நாளில் 10 லட்சம் ஆகிவிடாது. இதைப் பலர் சொல்வதே இல்லை.

புதிய பாலிசியின் காத்திருப்புக் காலமும் முக்கியம். 2024 ஏப்ரல் 1 முதல் எந்தக் கம்பெனியும் ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாதத்துக்கு மேல் காத்திருக்கச் சொல்ல முடியாது. அதற்கு முன்பு 48 மாதம் வரை இருந்தது. புதிய திட்டத்தில் அது 24 மாதமாக இருந்தால், இந்த மனைவிக்கு 6 லட்சம் வரை ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. பழைய கம்பெனியிலேயே இருந்தால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். போர்ட் செய்வதால் காத்திருப்பு குறையும் இடம் இதுதான். மாறாக, பட்டியல் நோய்களுக்குப் பழையதில் 24, புதியதில் 36 என்று இருந்தால், முடிந்துபோன காத்திருப்பு இன்னும் 12 மாதம் நீளும். ஒப்பிடும்போது பிரீமியத்தைப் பார்ப்பதற்கு முன் இந்த எண்களைப் பாருங்கள். பாலிசி ஆவணத்தில் Excl01 என்ற குறியீட்டின் கீழ் ஏற்கெனவே உள்ள நோய், Excl02-ன் கீழ் பட்டியல் நோய்கள், Excl03-ன் கீழ் முதல் 30 நாள் என்று எல்லாக் கம்பெனிகளிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டு பாலிசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

இதே வரிசையில் மாரடோரியம் என்ற ஒன்று இருக்கிறது. தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், "நீங்கள் அன்றைக்கு இதைச் சொல்லவில்லை" என்று காரணம் காட்டி கிளெய்மை மறுக்க முடியாது, மோசடி என்று நிரூபித்தால் தவிர. போர்ட் செய்தாலும் அந்த மாதங்கள் தொடர்ந்து எண்ணப்படும், அதுவும் பழைய தொகை அளவுக்கு. நான்காம் வருடத்தில் இருப்பவர் பழையதை விட்டுவிட்டுப் புதுப் பாலிசி எடுத்தால் இழப்பது இதையும் சேர்த்துத்தான்.

மற்ற இரண்டு வழிகள்

அதே கம்பெனிக்குள் மாறினாலும் காத்திருந்த காலத்தின் கணக்கு மேலே சொன்ன மாதிரிதான். பழைய தொகைக்குப் பலன் தொடரும், கூடுதல் தொகைக்குப் புதிதாக ஓடும். இதில் ஒரு நிம்மதி என்னவென்றால், உங்கள் பழைய விவரம் எல்லாம் அவர்களிடமே இருக்கிறது, இன்னொருவரிடம் கேட்டு வாங்க வேண்டியதில்லை. குறை, கிளெய்ம் கொடுக்கும் கை மாறாது. அந்தக் கம்பெனியின் கிளெய்ம் சேவை உங்களுக்குத் திருப்தி, ரூம் வரம்பு மட்டும்தான் உறுத்தல் என்றால், வெளியே போவதற்கு முன் இதைத்தான் முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும். ஏஜென்டுகள் இதைத் தாமாக எடுத்துச் சொல்வது அபூர்வம்.

சூப்பர் டாப்-அப் மலிவு. 5 லட்சத்துக்கு மேல் போகும் செலவுக்கு 10 லட்சம் என்று எடுத்தால், முழு 10 லட்சம் பாலிசியைவிடப் பிரீமியம் பெரிதும் குறைவு. ஆனால் அது தனிப் பாலிசி, காத்திருப்பு முதலிலிருந்து. மனைவியின் சுகருக்கு டாப்-அப்பில் 36 மாதம் என்றால், அதுவும் 2029 ஏப்ரல்தான். கவனியுங்கள், போர்ட் செய்து கூட்டிய 4 லட்சத்துக்கும் அதே தேதிதான். கூடுதல் தொகை என்ற ஒரு காரணத்துக்காக மட்டும் போர்ட் செய்வதில் காத்திருப்பு விஷயத்தில் லாபம் எதுவும் இல்லை. ஆனால் மேலே சொன்ன 2,40,000 பில்லை டாப்-அப் தொடாது. அது 5 லட்சத்துக்குக் கீழே இருக்கிறது. ரூம் வரம்பால் போன 60,000 போனதுதான்.

எல்லாவற்றையும் தீர்மானிக்கும் ஒரு விஷயம்

பழைய கம்பெனி, நீங்கள் கிளெய்ம் வாங்கினீர்கள் என்பதற்காகவோ உடம்பு கெட்டுவிட்டது என்பதற்காகவோ புதுப்பிக்க மறுக்க முடியாது. புதிய கம்பெனிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. போர்ட் செய்யக் கேட்பது நம் உரிமை, ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் முடிவு. மருத்துவப் பரிசோதனை கேட்கலாம், பிரீமியத்தை ஏற்றிக் கேட்கலாம், ஒரேயடியாக முடியாது என்றும் சொல்லலாம்.

அதனால் போர்ட் செய்ய நல்ல காலம், உடம்பு ஓரளவு நன்றாக இருக்கும் காலம்தான். மாத்திரையில் கட்டுக்குள் இருக்கும் சுகர் என்றால் ஏற்பதற்கு வாய்ப்பு இருக்கிறது, கூடுதல் பிரீமியம் கேட்கலாம். போன வருடம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் என்றால் மறுப்பு வரவே வாய்ப்பு அதிகம். அவர்களுக்குப் பழைய பாலிசி சொத்து மாதிரி, அதை விடவே கூடாது. இன்னொன்று, ஒரு கம்பெனி மறுத்தால் பழைய பாலிசிக்கு ஒரு சேதமும் இல்லை. ஆனால் அடுத்து எங்கே விண்ணப்பித்தாலும் "வேறு கம்பெனி உங்களை மறுத்ததுண்டா" என்ற கேள்வி படிவத்தில் இருக்கும், உண்மையைச் சொல்லியாக வேண்டும். எனவே ஒரே நேரத்தில் நாலைந்து கம்பெனிக்குப் போட்டுப் பார்ப்பது நல்லதல்ல.

சுகரையோ பி.பி.யையோ மறைத்து போர்ட் செய்யலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பழைய கம்பெனியிலிருந்து உங்கள் கிளெய்ம் விவரமும் பாலிசி விவரமும் இவர்களுக்குப் போகத்தான் போகின்றன.

எப்போது, எப்படிக் கேட்பது

போர்ட் என்பது புதுப்பிக்கும் நேரத்தில் மட்டும்தான். இரண்டு மூன்று வருடத்துக்குச் சேர்த்துப் பணம் கட்டியவர்கள் அந்தக் காலம் முடியும்வரை பொறுக்க வேண்டும். புதுப்பிக்கும் தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்பு, ஆனால் 60 நாளுக்கு முன்பாக அல்லாமல் விண்ணப்பிக்க வேண்டும் என்று பாலிசி ஆவணங்களில் இருக்கும். ஏப்ரல் 10 புதுப்பிப்பு என்றால் பிப்ரவரி 9 முதல் 24 வரை. இடைவெளி வெறும் இரண்டு வாரம்தான். பெரும்பாலானவர்கள் புதுப்பிக்கச் சொல்லி எஸ்.எம்.எஸ். வந்த பிறகுதான் யோசிக்க ஆரம்பிக்கிறார்கள், அதற்குள் இந்த இரண்டு வாரம் போய்விடுகிறது.

விண்ணப்பம் புதிய கம்பெனியிடம்தான். பழைய கம்பெனியிடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ப்ரபோசல் படிவம், போர்ட்டபிலிட்டி படிவம், எல்லா வருடத்துப் பாலிசி அட்டவணைகளும், கிளெய்ம் இருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, சுகருக்கான சமீபத்திய ரிப்போர்ட். முதல் வருடத்துப் பாலிசி நகலைத் தேடி எடுத்து வையுங்கள், தொடக்கத் தேதிக்கு அதுதான் சாட்சி. இதற்காகத் தனிக் கட்டணம் எதுவும் வாங்கக் கூடாது. அதன் பிறகு புதிய கம்பெனி, இன்ஷூரன்ஸ் இன்ஃபர்மேஷன் பீரோவின் இணையதளம் வழியாகப் பழைய கம்பெனியிடம் உங்கள் விவரத்தைக் கேட்கும். 2024 மே மாதம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட சுற்றறிக்கைப்படி பழைய கம்பெனி 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும், கிடைத்ததிலிருந்து 5 நாளுக்குள் புதிய கம்பெனி தன் முடிவைச் சொல்லியாக வேண்டும்.

போனில் ஏஜென்ட் "எல்லாம் கன்டினியூ ஆகும் சார்" என்று சொல்வதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். கம்பெனியின் மெயில் முகவரிக்கு நீங்களே எழுதுங்கள். நீளமாக வேண்டாம், இப்படிப் போதும்:

"என் தற்போதைய பாலிசியை 10-4-2026 புதுப்பிப்பில் உங்கள் நிறுவனத்துக்கு போர்ட் செய்ய விண்ணப்பித்துள்ளேன். 10-4-2024 முதல் இடைவெளி இல்லாமல் தொடர்கிறது. காப்பீட்டுத் தொகை 5 லட்சம், போனஸ் 1 லட்சம். பாலிசி வழங்கும் முன் கீழ்க்கண்டவற்றை எழுத்தில் உறுதி செய்யவும்: ஒவ்வொரு உறுப்பினருக்கும் எந்தத் தொகை வரை காத்திருப்புக் கால பலன் தரப்படும், ஏற்கெனவே உள்ள நோய்க்கும் பட்டியல் நோய்களுக்கும் மீதம் எத்தனை மாதம், போனஸ் தொகை இதில் சேர்க்கப்படுகிறதா, கூடுதல் பிரீமியம் அல்லது தனி நிபந்தனை ஏதும் உண்டா."

இதற்குப் பதில் வராமல் இழுத்தடித்தால் அதையே ஓர் அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பதில் வருவதற்குள் ஏப்ரல் 9 நெருங்கிவிட்டால், பழையதைப் புதுப்பித்துவிடுங்கள். போர்ட் அடுத்த வருடம் செய்துகொள்ளலாம். வருடப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் இருக்கிறதே என்று காத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். அந்த நாட்களுக்குள் கட்டினால் காத்திருந்த காலம் போகாது என்பது சரி. ஆனால் பிரீமியத்தை ஒரே தவணையாகக் கட்டுபவருக்கு, கட்டாமல் விட்ட அந்த இடைப்பட்ட நாட்களில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் கவரேஜ் கிடையாது.

இந்தக் குடும்பம் எதைத் தேர்ந்தெடுக்கலாம்

என்னைக் கேட்டால், முதலில் சொந்தக் கம்பெனியில் ரூம் வரம்பில்லாத திட்டம் இருக்கிறதா என்று ஜனவரியிலேயே விசாரிப்பேன். இருந்து, கிளெய்ம் சேவையும் பரவாயில்லை என்றால் அங்கேயே மாறிவிடுவதுதான் சுலபம். இல்லையென்றால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 24 மாதமோ குறைவாகவோ காத்திருப்பு உள்ள ஒரு திட்டத்துக்கு, பிப்ரவரி 9-ம் தேதியே போர்ட் கேட்பேன். மனைவிக்கு ஒரு வருடம் முன்னதாகவே கவரேஜ் கிடைக்கும், ரூம் வரம்பும் போய்விடும். இரண்டும் சேர்ந்தால் கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கொடுப்பதில் தவறில்லை. புதிய கம்பெனி மறுத்தாலோ, தாங்க முடியாத அளவுக்குப் பிரீமியத்தை ஏற்றினாலோ, பழையதைப் புதுப்பித்து டாப்-அப் சேர்ப்பேன், ஆஸ்பத்திரியில் 5,000 ரூபாய்க்குள் ரூம் கேட்பேன். வெறும் ஆயிரம் இரண்டாயிரம் பிரீமியம் குறைகிறது என்பதற்காக மட்டும் போர்ட் செய்ய மாட்டேன். அந்தக் குறைவு அடுத்த வருடமே காணாமல் போகலாம்.

பாலிசி கைக்கு வந்த அன்று

அதிகம் நடக்கும் கோளாறு, போர்ட் என்று பணம் வாங்கிவிட்டுப் புதுப் பாலிசியாகவே போட்டுவிடுவது. சில நேரம் அவசரத்தில் நடக்கிறது, சில நேரம் ஏஜென்டின் வேலை சுலபமாகிறது என்பதற்காக நடக்கிறது. கண்டுபிடிப்பது எளிது. பாலிசி அட்டவணையில் ஒவ்வொரு உறுப்பினர் பெயருக்கும் நேராக முதல் பாலிசி தொடங்கிய தேதி இருக்கும். நம் குடும்பத்துக்கு இருவருக்கும் அது 10-4-2024 என்று இருக்க வேண்டும். 10-4-2026 என்று இருந்தால் உங்கள் இரண்டு வருடம் பதிவாகவில்லை. கணவருக்குச் சரியாக இருந்து மனைவிக்கு மட்டும் புதுத் தேதி விழுந்திருப்பதும் உண்டு, அதனால் ஒரு வரி விடாமல் பாருங்கள். முந்தைய கம்பெனி, முந்தைய பாலிசி எண், பலன் தொடரும் தொகை ஆகியவையும் அதில் இருக்க வேண்டும். தொகை 6 லட்சத்துக்குப் பதில் 5 லட்சம் என்று இருந்தால் போனஸை விட்டுவிட்டார்கள்.

புதுப் பாலிசிகளுக்கு, பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுக்க 30 நாள் அவகாசம் உண்டு. ஆனால் பல பாலிசி ஆவணங்களில், போர்ட் செய்த பாலிசிக்கு அது பொருந்தாது என்று எழுதியிருக்கும். அதனால் திருத்தத்தை அன்றைக்கே மெயிலில் கேளுங்கள். பழைய பாலிசியின் 30 நாள் சலுகைக் காலம் முடிவதற்குள் தீர்வு வந்தாக வேண்டும், ஏனென்றால் அதுவரைதான் பழைய கம்பெனிக்குத் திரும்பும் கதவு திறந்திருக்கும். கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதியும் சரிசெய்யவில்லையென்றால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் பீமா பரோசா தளத்தில் (bimabharosa.irdai.gov.in) புகார் பதியலாம், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். அதற்கும் மசியாவிட்டால் தமிழ்நாட்டில் இருப்பவர்கள் காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும், சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் அலுவலகத்துக்குப் போகலாம். அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். முன்பு நீங்கள் அனுப்பிய மெயிலும் அதற்கு வந்த பதிலும் கையில் இருந்தால், வழக்கின் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.